குளத்தில் இறங்காமல் ஒரு சான்றிதழ்

திருமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த அந்த இளைஞருக்கு அப்போது வயது 23. கேட்டரிங் படித்துவிட்டு மதுரையில் ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சொகுசுப் பயணிகள் கப்பல் ஒன்றில் சமையல் உதவியாளர் வேலைக்கு நேர்காணலில் தேறிவிட்டார். நிறுவனம் அனுப்பிய பட்டியலில் பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, போலீஸ் சான்று, விசா என்று வரிசையாக இருந்தது. அதன் கீழே ஒரு வரி: எஸ்டிசிடபிள்யூ அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ்கள். கப்பலில் ஏறச் சொன்ன தேதிக்கு ஏழு வாரம் இருந்தது.

அந்த ஒரு வரிதான் அவரை ஒரு முகவரிடம் கொண்டுபோய் நிறுத்தியது. ஓட்டலில் கூட வேலை பார்த்தவர் கொடுத்த நம்பர். முகவர் சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, சென்னைக்குப் போயி ரெண்டு வாரம் ரூம் எடுத்துத் தங்கி, எதுக்கு அலைச்சல்? முப்பதாயிரம் குடுங்க. அஞ்சு சர்டிபிகேட்டும் வீட்டுக்கு வந்துரும். தண்ணிக்குள்ள குதிக்கிறது, புகைக்குள்ள போறது ஒண்ணும் வேணாம்."

கடைசி வாக்கியம்தான் சரியாகப் போய்த் தைத்தது. இளைஞருக்கு நீச்சல் தெரியாது. அவர் வளர்ந்த ஊரில் கண்மாய் ஆண்டில் பாதி நாள் வறண்டு கிடக்கும். நிறைந்த நாட்களில் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடமாட்டார்கள். குளத்தில் இறங்கச் சொல்லுவார்கள், நான் திணறுவேன், தோற்றுப்போனவன் என்று அனுப்பிவிடுவார்கள், வேலை போய்விடும் என்பதுதான் அவர் மனதில் ஓடியது. போலிச் சான்றிதழ் வாங்குபவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிடுவது எளிது. நான் பேசிய வரையில், பெரும்பாலோரைத் தள்ளிக்கொண்டு போவது இந்த மாதிரி பயமும் கையிலிருக்கும் தேதியும்தான். முகவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

எஸ்டிசிடபிள்யூ என்பது ஒரு பன்னாட்டு ஒப்பந்தத்தின் சுருக்கப் பெயர். கப்பலில் வேலை செய்பவர்களுக்கு என்ன பயிற்சி வேண்டும், சான்றிதழ் எப்படித் தரவேண்டும், பணிநேரம் எப்படி இருக்கவேண்டும் என்பதை வகுத்த ஒப்பந்தம் அது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின்கீழ் 1978இல் உருவாகி, 1995இலும் 2010இலும் பெரிய அளவில் திருத்தப்பட்டது. கப்பலின் பாதுகாப்பு வேலையில் ஒரு சிறு பங்காவது ஒதுக்கப்பட்ட எவரும், அவர் மாலுமியாக இருந்தாலும் சமையல்காரராக இருந்தாலும், அடிப்படைப் பயிற்சி பெறாமல் பணியில் இருக்கக்கூடாது என்பது அதன் விதி. அந்தப் பயிற்சியில் நான்கு பகுதிகள்: கடலில் உயிர்காத்தல், தீத்தடுப்பும் தீயணைப்பும், முதலுதவி, தனிப்பட்ட பாதுகாப்பும் கப்பலில் பொறுப்பும். ஐந்தாவதாகக் கப்பல் காவல் தொடர்பான ஒரு சிறு பயிற்சியும் சேர்ந்துகொள்ளும். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ இரண்டு வாரம். இந்தியாவில் இவற்றை நடத்தும் நிலையங்களுக்கு ஒப்புதல் கொடுப்பது மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். துறைக்காரர்கள் வாயில் அது 'டிஜி ஷிப்பிங்'.

ஒரு சமையல்காரருக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்கத் தோன்றும். 1990 ஏப்ரல் 7ஆம் தேதி அதிகாலை, நார்வேயின் ஓஸ்லோவிலிருந்து டென்மார்க்கின் பிரெட்ரிக்ஸ்ஹாவன் சென்றுகொண்டிருந்த 'ஸ்காண்டிநேவியன் ஸ்டார்' என்ற பயணிகள் கப்பலில் தீப்பிடித்தது. 159 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பு அல்ல, புகை. அந்தத் தடத்துக்குக் கப்பல் அப்போதுதான் வந்திருந்தது. ஊழியர்களில் பலர் அவசரமாகச் சேர்க்கப்பட்ட புதியவர்கள். தீயணைப்புப் பயிற்சி அவர்களுக்கு நடத்தப்பட்டிருக்கவில்லை, தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளப் பொதுமொழியும் இல்லை. அறைக்கதவைத் தட்டி எழுப்பி, புகையில்லாத படிக்கட்டைக் காட்டிவிட ஒருவர் இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் நடைபாதைகளில் விழுந்து கிடந்தார்கள். பயணிகள் கப்பலில் அப்படிக் கதவைத் தட்டவேண்டியவர்களில் பாதிப்பேர் சமையலறையிலும் உணவுக்கூடத்திலும் அறைப் பராமரிப்பிலும் இருப்பவர்கள்தான்.

இளைஞர் முன்பணம் கொடுக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டார். நம்பிக்கை வரட்டும் என்று முகவர் இன்னொருவருடைய சான்றிதழ்களைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். ராமநாதபுரம் பக்கம் ஒருவர், எண்ணெய்க் கப்பலில் மாலுமியாக இருப்பவர், அப்போது விடுமுறையில் வந்திருந்தார். தூரத்து உறவு. இளைஞர் அந்தப் படங்களை அவருக்கு அனுப்பினார்.

மாலுமி அண்ணன் கோபப்படவில்லை, உபதேசமும் செய்யவில்லை. "இண்டோஸ் நம்பர் இருக்குல்ல? பொறந்த தேதியும் இருக்கா? ரெண்டையும் வெப்சைட்ல போட்டுப் பாருடா" என்றார்.

இண்டோஸ் என்பது இந்தியக் கடற்பணியாளர்களின் தேசியத் தரவுத்தளம். கடல்பணிப் பயிற்சி எதில் சேருவதற்கு முன்னும் அந்த எண்ணை வாங்கியிருக்க வேண்டும். அதன்பின் ஒருவர் முடிக்கும் ஒவ்வொரு பயிற்சியையும் நிலையம் அந்த எண்ணின்கீழ் பதிவேற்றும். காகிதத்தில் அச்சிடுவது அதற்குப் பிறகு வரும் சடங்குதான். dgshipping.gov.in தளத்தில் எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்தால் அந்த நபர் என்னென்ன முடித்திருக்கிறார் என்று தெரியும். இளைஞர் போட்டுப் பார்த்தார். ஆள் இருந்தார், பெயர் சரி, எண் சரி. பயிற்சிகள்தான் எதுவும் இல்லை.

மாலுமி அண்ணன் இன்னொன்றையும் காட்டினார். படத்தில் இருந்த தீயணைப்புச் சான்றிதழில் பயிற்சி ஒரு திங்கட்கிழமை தொடங்கி புதன் வரை நடந்ததாக இருந்தது. உயிர்காப்புச் சான்றிதழிலோ அதே வாரம் செவ்வாய் முதல் வியாழன் வரை. இரண்டும் முழுநாள் வகுப்புகள். ஒரே ஆள் ஒரே புதன்கிழமை இரண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். கப்பல் நிறுவனங்களில் ஆவணம் சரிபார்ப்பவர்கள் முதலில் பார்ப்பதே இதைத்தான். அடுத்து, அந்தத் தேதிகளில் அவர் எங்கே இருந்தார் என்று பாஸ்போர்ட் முத்திரைகளோடு ஒப்பிடுவார்கள். வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே சென்னையில் பயிற்சி முடித்தவர்கள் அங்கேதான் பிடிபடுகிறார்கள்.

மறுநாள் முகவரிடம் இதைக் கேட்டபோது அவர் அசரவில்லை. "அது பழைய ரேட்டுத் தம்பி. ரெகார்டுலயே ஏத்தித் தரணும்னா நாப்பத்தஞ்சு ஆகும்."

போலியில் இப்படி இரண்டு தரம் உண்டு என்பதை வெளியே இருப்பவர்கள் அவ்வளவாக அறிவதில்லை. ஒன்று, வெறும் அச்சு. அது முதல் சரிபார்ப்பிலேயே விழுந்துவிடும். மற்றொன்று, ஒப்புதல் பெற்ற ஏதோ ஒரு நிலையத்தில் உள்ளே ஆள் பிடித்து, வராத ஒருவர் வந்ததாகப் பதிவேற்றுவது. இதைத் தடுக்கத்தான் நிலையங்களில் விரல்ரேகை வருகைப்பதிவு வந்தது. முகவர் சொன்ன இரண்டாவது வகை உண்மையிலேயே அவர் கையில் இருந்ததா, கூடுதலாகப் பதினைந்தாயிரம் கறக்கும் பேச்சா என்பது தெரியாது. என் ஊகம் பேச்சுதான்.

இந்தப் பிரச்சினை நம் ஊர் முகவர்களோடு தொடங்கியதும் அல்ல. 2001இல் பிரிட்டனின் கார்டிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பன்னாட்டுக் கடல்சார் அமைப்புக்காக நடத்திய ஆய்வில், போலித் தகுதிச் சான்றிதழ்கள் பிடிபட்ட 12,000க்கும் மேற்பட்ட நிகழ்வுகள் கணக்கில் வந்தன. அதே காலத்தில், பன்னாட்டுப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் பொதுச்செயலாளர் டேவிட் காக்ராப்ட், கடல்பணிப் பயிற்சி எதுவுமே இல்லாத தன் பெயரில் பனாமாவின் கப்பல் அதிகாரிச் சான்று ஒன்றைப் பணம் கொடுத்து வாங்கி, உலகத்துக்கே எடுத்துக் காட்டினார். வாங்கியது இவ்வளவு சுலபமாக இருந்ததால்தான் இன்று சரிபார்ப்பு இவ்வளவு கெடுபிடியாக இருக்கிறது. ஒவ்வொரு நாடும் தான் வழங்கிய சான்றிதழ்கள் உண்மையா என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தமே விதிக்கிறது. துறைமுகத்தில் ஏறி வரும் அதிகாரிக்கு ஐயம் வந்தால் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, "போட்டுக் காட்டு" என்று உயிர்காப்பு உடுப்பை நீட்டவும் அதிகாரம் உண்டு.

சட்டப்பக்கம் ஒன்று சொல்லவேண்டும். போலியை அச்சடித்தவருக்குத்தான் ஆபத்து, வாங்கியவர் ஏமாந்தவர் என்று பலர் நினைக்கிறார்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 340ஆம் பிரிவு அப்படிப் பார்க்கவில்லை. போலி என்று தெரிந்தே ஒரு ஆவணத்தை உண்மையானதாகப் பயன்படுத்துபவருக்கு, அதைத் தயாரித்தவருக்குரிய தண்டனையே உண்டு. ஏமாற்றும் நோக்கத்தோடு செய்த போலியென்றால் ஏழு ஆண்டு வரை போகலாம்.

மாலுமி அண்ணனிடம் இளைஞர் கடைசியில் தன் உண்மையான சிக்கலைச் சொன்னார். "அண்ணே, எனக்கு நீச்சல் தெரியாது."

"எங்க பேட்ச்ல பாதிப்பேருக்குத் தெரியாது. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டுதான்டா குதிப்ப. அது மூழ்க விடாது."

விதியில் எழுதியிருப்பதும் ஏறக்குறைய அதுதான். உயிர்காப்பு உடுப்பணிந்து நீந்த வேண்டும். உடுப்பில்லாமல் மிதந்துகொண்டிருக்க வேண்டும். இத்தனை மீட்டர் நீந்தவேண்டும் என்று அந்தப் பட்டியலில் தூரக் கணக்கு கிடையாது. மிதப்பதைப் பயிற்சியாளர் கற்றுக்கொடுப்பார், அதற்குத்தான் பயிற்சி.

டிஜி ஷிப்பிங் தளத்தில் உள்ள ஒப்புதல் பட்டியலைப் பார்த்து, சென்னையில் ஒரு நிலையத்தைத் தேர்ந்தெடுத்தார். அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒப்புதல் நிலையத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, ஒவ்வொரு பயிற்சிக்கும் தனித்தனியாகக் கிடைக்கிறது. ஒரு நிலையத்துக்கு முதலுதவிக்கு ஒப்புதல் இருந்து தீயணைப்புக்கு இல்லாமலும் இருக்கலாம். அவர் ஐந்தும் இருப்பதை உறுதிசெய்துகொண்டார். முதலில் இண்டோஸ் எண்ணுக்கு விண்ணப்பித்தார்; அது வர நாளானது. ஒப்புதல் பெற்ற மருத்துவரிடம் உடல்தகுதிச் சான்று வாங்கினார். அதற்குள் முதல் பேட்ச் நிரம்பிவிட்டது. அடுத்த பேட்ச் முடிந்தால் கப்பல் ஏறும் தேதி தவறும். நிறுவனத்துக்கு உள்ளதைச் சொல்லி மின்னஞ்சல் போட்டார். ஆறு வாரம் கழித்து வேறொரு கப்பலில் இடம் தருகிறோம் என்று பதில் வந்தது. இப்படிக் கேட்டாலே வேலை போய்விடும் என்றுதான் முகவர் பயமுறுத்தியிருந்தார். போகவும் செய்திருக்கலாம், எல்லா நிறுவனமும் பொறுத்துக்கொள்ளாது.

பயிற்சிக் கட்டணம், தங்கும் செலவு, சாப்பாடு எல்லாம் சேர்த்தும் முகவர் கேட்ட முப்பதாயிரத்துக்குள் முடிந்தது. இதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே வேடிக்கையான பகுதி.

உயிர்காப்புப் பயிற்சியில் குளத்துக்குப் போவதற்கு முன் வகுப்பறை. ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி: பொது அபாய அறிவிப்பு. அதைக் கேட்டால் செய்யும் வேலையை அப்படியே விட்டுவிட்டுத் தனக்குக் குறித்த இடத்துக்குப் போக வேண்டும். சமையல்காரர் என்றால் அடுப்பை அணைத்துவிட்டுப் போக வேண்டும். பிறகு உடுப்பு. பன்னாட்டுத் தரப்படி, முன்பின் பார்த்திராதவரும் ஒரு நிமிடத்துக்குள் தானே போட்டுக்கொள்ளக்கூடியதாக அது இருக்கவேண்டும். மயங்கியவரை முகம் மேலே இருக்கும்படி புரட்டிப்போட வேண்டும். அதைக் கேட்டபோதுதான் தனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது என்கிறார்.

குளத்து மேடையில் நின்றபோது அது மறுபடி போனது. பயிற்சியாளர் ஓய்வுபெற்ற கப்பல்காரர். "கீழே ஆள் இருக்கானா பார். பார்த்துட்டியா? இனி பார்க்காதே. நேரா அந்தச் சுவரைப் பார்." ஒரு கை மூக்கையும் வாயையும் பொத்த வேண்டும். மற்றொரு கை அதன்மேல் குறுக்காக வந்து உடுப்பை இறுகப் பிடிக்க வேண்டும். குதிக்கக்கூடாது, ஓரடி எடுத்து வைக்க வேண்டும், கால்கள் சேர்ந்திருக்க வேண்டும். ஏன் உடுப்பைப் பிடிக்க வேண்டும்? தண்ணீரைத் தொட்டதும் உடுப்பு மேலேயே நின்றுவிடப் பார்க்கும். உடம்பு வேகத்தில் கீழே போகும். பிடிக்காவிட்டால் அது எகிறித் தாடையில் இடிக்கும், கழுத்தே முறியலாம். இதை ஒருவர் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் உயரத்திலிருந்து கால் வைக்கும்போது கை இரண்டும் தானாக விரியத்தான் பார்க்கும். அந்தப் பழக்கத்தை உடைக்க நாலைந்து முறை விழுந்துதான் ஆகவேண்டும். முதல் முறை இளைஞரின் கையும் விரிந்தது. உடுப்பு தாடையில் இடித்தது. குளமானதால் ஒன்றும் ஆகவில்லை.

கவிழ்ந்த ராஃப்டை நிமிர்த்துவதுதான் அவருக்குப் பிடித்துப்போனது. வாயுச் சிலிண்டர் இருக்கும் பக்கம் ஏறி நின்று, அடிப்பாகத்தில் குறுக்கே ஓடும் பட்டையைப் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்க்க வேண்டும். ராஃப்ட் மெல்ல எழுந்து அப்படியே தலைமேல் கவிழும். அடியில் மாட்டிக்கொண்டால் பதறாமல் மல்லாந்து, கையால் ராஃப்டைத் தள்ளிக்கொண்டே வெளியே வரவேண்டும். உள்ளே ஏறியதும் முதலில் விழுங்க வேண்டியது வாந்தியைத் தடுக்கும் மாத்திரை. பசியைவிட வாந்திதான் உடம்பின் தண்ணீரை வேகமாக இழுத்துக்கொண்டு போகும். ராஃப்டில் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர்தான் இருக்கும். காயம்பட்டவர் தவிர மற்றவர்களுக்கு முதல் 24 மணி நேரம் தண்ணீர் கிடையாது. ஓட்டலில் குழம்புக்கு அளவு பார்த்த ஆளுக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபட்டது.

தீயணைப்பு வகுப்பில் அவருக்குத் தெரிந்ததாக நினைத்த விஷயமே காலை வாரியது. எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். கொதிக்கும் எண்ணெய்க்கு அடியில் போகும் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும், எரியும் எண்ணெயைக் கூரைவரை வீசும். ஓட்டலிலும் அதைச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்குத் தெரியாதது அடுப்புக்கு மேலே இருப்பது. புகை போகும் குழாயின் உட்புறம் நாள்கணக்கில் படிந்த கொழுப்பு பற்றிக்கொண்டால், தீ குழாய் வழியே மேல்தளங்களுக்கு ஏறிவிடும். கப்பல் சமையலறையில் அந்தக் குழாயை அடைக்கும் தடுப்புத்தகடு எங்கே, விசிறியை நிறுத்தும் பொத்தான் எங்கே என்பதைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் காட்டத் தெரியவேண்டும் என்றார்கள்.

பிறகு புகை அறை. முதுகில் காற்றுச் சிலிண்டர், முகத்தில் கவசம். ஆறு லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்தால் 1,200 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று மூச்சு விட்டால் முப்பது நிமிடம். அழுத்தம் 50 பார் அளவுக்கு இறங்கியதும் விசில் ஊதும். அப்போது மிச்சம் 300 லிட்டர், அதாவது ஏழரை நிமிடம். பதற்றத்தில் மூச்சு இரட்டிப்பானால் நான்கு நிமிடம்கூட இல்லை. அதனால், உள்ளே போகும்போதே திரும்பி வர எவ்வளவு ஆகும் என்று எண்ணிக்கொண்டே போகவேண்டும். சுவரைப் புறங்கையால் தடவிக்கொண்டு நகர வேண்டும். மின்கம்பி அறுந்து கிடந்தால், அதிர்ச்சியில் கை மடங்கினாலும் அது கம்பியைப் பற்றிக்கொள்ளாது. புகை அறைக்குள் இளைஞர் போனபோது வழக்கத்தைவிடச் சீக்கிரம் விசில் ஊதியது. வெளியே வந்ததும் பயிற்சியாளர் மானியைக் காட்டி, "இதுதான் உன் பயத்தோட அளவு" என்றார். இரண்டாம் முறை அவரால் அறையைச் சுற்றி வர முடிந்தது.

நான்காவது பகுதியை மாணவர்கள் சலிப்பான வகுப்பு என்பார்கள். எனக்கென்னவோ மிக அதிக உயிர்களோடு சம்பந்தப்பட்டது அதுதான் என்று தோன்றுகிறது. அதில் மூடிய இடங்கள் பற்றி ஒரு பாடம் வரும். நங்கூரச் சங்கிலி கிடக்கும் அறை, காலித் தொட்டி போன்றவை நீண்ட நாள் பூட்டியிருந்தால், இரும்பு துருப்பிடிக்கும்போதே உள்ளேயிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். காற்றில் 21 விழுக்காடு இருக்க வேண்டியது பாதியாகியிருந்தாலும் கண்ணுக்கோ மூக்குக்கோ தெரியாது. இறங்கியவர் இரண்டு மூச்சில் சரிவார். மேலே இருந்து பார்த்த நண்பர் மாரடைப்பு என்று நினைத்து உடனே இறங்குவார், அவரும் சரிவார். மூன்றாமவரும் இறங்குவார். இத்தகைய விபத்துகளில் காப்பாற்றப் போனவர்கள் இறப்பது திரும்பத் திரும்ப நடக்கிறது. நம் ஊரில் கழிவுநீர்த் தொட்டிகளில் நடப்பதும் இதே வரிசைதான். அங்கே செய்யவேண்டியது, கூப்பாடு போட்டு ஆள் சேர்ப்பதும் காற்றுச் சிலிண்டர் வரும்வரை இறங்காமல் இருப்பதும். நல்ல மனசுள்ளவருக்கு அது எவ்வளவு கடினம் என்று நினைத்துப் பாருங்கள். போலிச் சான்றிதழோடு ஏறியவரிடம் குறைவது திறமை மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. இறங்காதே என்று தன்னையே தடுத்துக்கொள்ளும் அந்த அறிவும் அவரிடம் இருக்காது, அவருடைய சான்றிதழை நம்பி மற்றவர்கள் அவரை வாசலில் நிறுத்தியிருப்பார்கள்.

முகவரின் நம்பரைக் கொடுத்த ஓட்டல் நண்பர் பணத்தைக் கட்டிவிட்டார். நிறுவனத்தின் ஆவணச் சரிபார்ப்பில் அவருடைய ஐந்து சான்றிதழ்களும் பதிவில் இல்லை என்று திரும்பி வந்தன. பணத்தைக் கேட்டால் முகவர் போனை எடுப்பதில்லை. போலீசில் புகார் கொடுக்கப் போனால் என்ன வாங்கினாய் என்பதை முதலில் சொல்லவேண்டும். அந்தப் புகாரே அவருக்கு எதிரான வாக்குமூலமாகிவிடும். அதனால் போகவில்லை. முகவர்களின் தொழில் ஓடுவது இந்த மௌனத்தை முதலாக வைத்துத்தான்.

ஒப்புதல் பெற்ற பயிற்சி முடித்துவிட்டால் வேலை வந்துவிடும் என்பதும் ஒரு தவறான கணக்கு. இந்த ஐந்து சான்றிதழ்களை மட்டும் வைத்துக்கொண்டு சரக்குக் கப்பலில் மாலுமியாக ஏற முடியாது. அதற்குப் பல மாதக் கடல்முன் பயிற்சி தனியாக உண்டு. அடிப்படைப் பயிற்சி முடித்தாலே கப்பல் வேலை என்று விளம்பரம் செய்யும் இடங்களில் நன்றாக விசாரிக்க வேண்டும். ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு டிஜி ஷிப்பிங்கின் உரிமம் இருக்கிறதா என்பதும் அதே தளத்தில் தெரியும். இந்தியா 2015இல் ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, வேலை வாங்கித் தந்ததற்காகக் கடற்பணியாளரிடம் கட்டணம் வாங்கக்கூடாது. பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, பணிப் புத்தகம் ஆகியவற்றின் செலவு அவருடையது. விசாச் செலவு கப்பல் உரிமையாளருடையது. விசாவுக்கு என்று ஒரு லட்சம் கேட்பவர் அந்த இடத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறார்.

இளைஞர் ஆறு வாரம் தாமதமாகக் கப்பல் ஏறினார். முதல் நாளே கையில் ஒரு அட்டை கொடுத்தார்கள்: அபாய ஒலி கேட்டால் ஐந்தாம் தளப் படிக்கட்டில் நின்று பயணிகளுக்கு வழிகாட்டுவது அவர் வேலை. பயணிகள் கப்பலில் வாரம் ஒருமுறை ஒத்திகை உண்டு. இரண்டாவது ஒத்திகையில் பாதுகாப்பு அதிகாரி அவரை நிறுத்தி, படிக்கட்டில் புகை வந்தால் ஆட்களை எந்தப் பக்கம் திருப்புவாய் என்று கேட்டாராம். பதில் பாதிதான் சரி. அடுத்த வாரம் மறுபடி கேட்டார்.

எட்டு மாத ஒப்பந்தம் முடித்து இப்போது ஊருக்கு வந்திருக்கிறார். உயிர்காப்புப் படகை இறக்கி ஓட்டும் பொறுப்புக்கான பயிற்சி ஒன்று உண்டு. சான்று பெற 12 மாதக் கடல்பணி வேண்டும், அல்லது ஒப்புதல் பெற்ற பயிற்சியோடு ஆறு மாதக் கடல்பணி. அவரிடம் எட்டு மாதம் இருக்கிறது. அதே சென்னை நிலையத்தில் அடுத்த பேட்சுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்.